தொடர் எல்.சி.ஆர். சுற்று: விடை சரியா என்று பார்ப்பதில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தங்கச்சிமடத்தில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கும் டிப்ளமோ பிள்ளைகளுக்கும் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். மாறுதிசை மின்னோட்டப் பாடம் வந்தால், சூத்திரம் தெரிந்த பிள்ளைகூட அலகில் சறுக்கிவிடுகிறது. பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் என்று பல ஊர்ப் பிள்ளைகள் என்னிடம் கேட்டதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கீழே எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான்: மின்தடை 30 ஓம், மின்தூண்டி 100 மில்லிஹென்றி, மின்தேக்கி 50 மைக்ரோஃபாரட், மூன்றும் தொடரில். கொடுத்த மின்னழுத்தம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பாடப்புத்தகம் மின்எதிர்ப்பு என்று சொல்வதை வகுப்பில் இம்பிடன்ஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டோம், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

```
XL = 2πfL          XC = 1/(2πfC)
Z = √(R² + (XL − XC)²)
tan φ = (XL − XC)/R
f0 = 1/(2π√(LC))
```

சார், இம்பிடன்ஸ் 44 வரணும், எனக்கு 43.4 வந்திருக்கு. தசமத்துலதான் வித்தியாசம், சரின்னு விட்டுரலாமா?

விடக்கூடாது. பாம்பனிலிருந்து வரும் ஒரு பையன் இதே விடையைத்தான் கொண்டுவந்தான். நானும் முதலில் தோராயமாக்கியதில் வந்த வித்தியாசம் என்றே நினைத்தேன். நோட்டை வாங்கி வரி வரியாகப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது.

முதலில் சரியான கணக்கு. மின்தூண்டியின் மின்மறுப்பு 314.16 × 0.1, அதாவது 31.42 ஓம். மின்தேக்கியின் மின்மறுப்பு 63.66 ஓம். இரண்டுக்கும் வித்தியாசம் −32.25. அதன் வர்க்கத்தோடு 30-இன் வர்க்கத்தைக் கூட்டி மூலம் எடுத்தால் 44.04 ஓம். கட்டக் கோணம் −47.1 டிகிரி, அதாவது மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு முன்னே போகிறது.

அந்தப் பையன் 50 மைக்ரோவை 50 மில்லி என்று எடுத்திருந்தான். அதனால் மின்தேக்கியின் மின்மறுப்பு 0.0637 ஓம் ஆகிவிட்டது, கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வித்தியாசம் 31.42 − 0.06 = +31.35. இப்போது பாருங்கள், −32.25-க்கும் +31.35-க்கும் குறி நேர் எதிர், ஆனால் அளவு ஏறக்குறைய ஒன்று. வர்க்கம் எடுத்ததும் குறி காணாமல் போய்விடுகிறது. அதனால் இம்பிடன்ஸ் 43.39 என்று சாதுவாக வந்து நிற்கிறது, மின்னோட்டமும் 5.22 ஆம்பியருக்குப் பதில் 5.30. ஆயிரம் மடங்கு பிசகு, விடையில் தெரிவதோ நூற்றுக்கு ஒன்றரை.

கோணத்தைக் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். அவனுக்கு +46.3 டிகிரி. சுற்று மின்தேக்கிப் பக்கம் சாய்ந்திருக்க, அவன் மின்தூண்டிப் பக்கம் சாய்ந்ததாக எழுதியிருந்தான். அடுத்த உட்பிரிவில், திறன் காரணியை 1 ஆக்க எதைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டிருந்தால் முழுக்கத் தப்பான பக்கம் போயிருப்பான். இந்தச் சுற்றில் மின்தூண்டியைத்தான் கூட்ட வேண்டும்: 63.66 ஓம் வர 203 மில்லிஹென்றி தேவை, ஆகவே இன்னும் 103 மில்லிஹென்றி தொடரில் சேர வேண்டும்.

அதனால் இம்பிடன்ஸ் ஒத்துவந்தது என்பதை மட்டும் வைத்து 'சரி' போடாதீர்கள். இரண்டு மின்மறுப்புகளையும் தனித்தனியே பாருங்கள், கோணத்தின் குறியையும் பாருங்கள்.

கண்டன்சர் மேல MFD-ன்னுதான சார் போட்டிருக்கு? M-ன்னா மில்லி இல்லையா?

மைக்ரோ. அந்தப் பையன் சறுக்கிய இடமும் இதுதான். அவன் அப்பா மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். கடையில் கழற்றிப் போட்ட ஒரு கண்டன்சரைப் பார்த்துத்தான் கணக்கை எழுதிக்கொண்டு வந்தான். மறுநாள் அதையே கையோடு எடுத்து வந்தான். அலுமினிய டப்பா, உப்புக் காற்றில் முனைகள் இரண்டும் பச்சை பூத்துக் கிடந்தன. லேபிள் பாதி உரிந்திருந்தாலும் `50 MFD 440 VAC` என்பது தெளிவாகத் தெரிந்தது.

மோட்டார் கண்டன்சர்களில் MFD என்று அச்சிடுவது பழைய வழக்கம். அப்போது மைக்ரோவைக் குறிக்கும் கிரேக்க எழுத்து எல்லா அச்சிலும் கிடைக்காது, அதற்கு M போட்டார்கள். அது மில்லியும் இல்லை, மெகாவும் இல்லை. `MFD` என்றாலும் `µF` என்றாலும் ஒன்றுதான்.

சந்தேகம் இருந்தால் கையில் எடுத்துப் பார்த்தாலே போதும். 440 வோல்ட் மாறுதிசை மின்னழுத்தத்தைத் தாங்கும் 50 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அதே மின்னழுத்தத்தில் 50 மில்லிஃபாரட் வேண்டும் என்றால் இப்படி ஆயிரம் டப்பாக்களை இணையாகக் கட்ட வேண்டும். வீட்டுக் கூரையில் ஓடும் மின்விசிறியின் கண்டன்சர் 2.5 மைக்ரோஃபாரட். இந்த இரண்டு டப்பாக்களின் அளவும் மனதில் இருந்தால் மில்லி என்று எழுதக் கையே வராது.

நோட்டில் எழுதும்போதும் இதே ஆபத்து உண்டு. அவசரத்தில் எழுதிய µ-வின் வால் தேய்ந்து m ஆகிவிடும். கணக்கை நோட்டில் இறக்கும்போதே `50 × 10⁻⁶ F` என்று எழுதிவிடச் சொல்வேன். அடுத்த வரியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த அடுத்த வரி பல சமயம் வருவதே இல்லை.

புத்தகத்துப் பின்னாடி விடையைப் பார்க்காம, அலகு பிசகலைன்னு நாமே எப்படித் தெரிஞ்சுக்கிறது?

போட்ட வழியிலேயே திரும்பப் போட்டுப் பார்த்தால் பிசகும் கூடவே வரும். மில்லி என்று நினைத்தவர் இரண்டாம் தடவையும் மில்லி என்றுதான் போடுவார். அதனால் பத்தின் அடுக்கே வராத வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். நான் சொல்லிக்கொடுப்பது மூன்று.

முதலாவது, 50 ஹெர்ட்ஸுக்கு இரண்டு எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1 மைக்ரோஃபாரட்டின் மின்மறுப்பு 3183 ஓம், 1 மில்லிஹென்றியின் மின்மறுப்பு 0.314 ஓம். மைக்ரோஃபாரட் எத்தனையோ அதனால் 3183-ஐ வகுக்க வேண்டும், மில்லிஹென்றி எத்தனையோ அதனால் 0.314-ஐப் பெருக்க வேண்டும். 3183-ஐ 50-ஆல் வகுத்தால் 63.7. மின்விசிறிக் கண்டன்சருக்கு 3183-ஐ 2.5-ஆல் வகுத்தால் 1273 ஓம். உங்கள் தாளில் 0.0637 இருந்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவது எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு மின்மறுப்புகளையும் பெருக்கினால் அதிர்வெண் அடிபட்டுப் போய் L/C மட்டும் மிஞ்சும். கேள்வியில் உள்ள எண்களை அப்படியே எடுத்து, மில்லிஹென்றியை மைக்ரோஃபாரட்டால் வகுத்து ஆயிரத்தால் பெருக்குங்கள். 100-ஐ 50-ஆல் வகுத்தால் 2, ஆயிரத்தால் பெருக்க 2000. உங்கள் விடைகள்: 31.42 × 63.66 = 2000. பொருந்துகிறது. பாம்பன் பையனின் விடைகளைப் பெருக்கினால் 2 வரும், ஆயிரம் மடங்கு விலகல் அப்பட்டமாகத் தெரியும்.

மூன்றாவது ஒத்ததிர்வுக்கு. அதிர்வெண் ஹெர்ட்ஸில் வர 5033-ஐ, மில்லிஹென்றியையும் மைக்ரோஃபாரட்டையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். 100 × 50 = 5000, மூலம் 70.7. 5033-ஐ அதால் வகுத்தால் 71.2 ஹெர்ட்ஸ். நீண்ட சூத்திரமும் 71.18 என்றே சொல்லும்.

இந்த 3183, 0.314, 5033 எல்லாம் எங்கிருந்து வந்தன என்று ஒரு தடவை நீங்களே வருவித்துப் பார்த்துவிடுங்கள். வருவித்த எண் மறக்காது. முதல் இரண்டும் 50 ஹெர்ட்ஸுக்கு மட்டும்தான் என்பதும் அப்போது தானாகப் புரியும். கேள்வியில் 60 ஹெர்ட்ஸோ 1 கிலோஹெர்ட்ஸோ கொடுத்திருந்தால் அவை செல்லாது.

2π-யை மறந்துட்டா, நீங்க சொன்ன பெருக்கல்ல மாட்டுமா?

மாட்டாது, அதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். கோண அதிர்வெண் 314 போட வேண்டிய இடத்தில் 50 போட்டால் மின்தூண்டியின் மின்மறுப்பு 5 ஓம், மின்தேக்கியினுடையது 400 ஓம் என்று வரும். ஒன்று 6.28 மடங்கு குறைந்தது, மற்றது 6.28 மடங்கு கூடியது. பெருக்கினால் அதே 2000. எல்லாம் சரி என்று தோன்றும்.

இதைப் பிடிக்கப் பெருக்கலுக்குப் பதில் வகுத்தல் வேண்டும். மின்தூண்டி மின்மறுப்பை மின்தேக்கி மின்மறுப்பால் வகுத்தால், கொடுத்த அதிர்வெண்ணை ஒத்ததிர்வு அதிர்வெண்ணால் வகுத்த எண்ணின் வர்க்கம் வர வேண்டும். 31.42-ஐ 63.66-ஆல் வகுத்தால் 0.494. 50-ஐ 71.18-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தாலும் 0.493. பிசகிய விடையில் 5-ஐ 400-ஆல் வகுத்தால் 0.0125. கிட்டத்தட்ட நாற்பது மடங்கு குறைவு, அதுதான் 6.28-இன் வர்க்கம்.

இதே பிசகு ஒத்ததிர்வில் வேறு வேஷத்தில் வரும். 447 என்று கண்டுபிடித்து பக்கத்தில் ஹெர்ட்ஸ் என்று எழுதுவார்கள். 447 தப்பான எண் இல்லை, அது கோண அதிர்வெண், அலகு ரேடியன்/வினாடி. அதை 6.28-ஆல் வகுத்தால்தான் 71.18 ஹெர்ட்ஸ். எண் சரி, அலகு தப்பு என்றால் விடை தப்புதான்.

ஒத்ததிர்வு அதிர்வெண் எனக்கு 2.25 வருது. 71.18-க்கும் இதுக்கும் இலக்கமே ஒத்துப்போகலையே, அப்ப அலகுத் தப்பு இல்லைதானே?

அலகுத் தப்புதான். இந்த இடம் நிறையப் பேரைக் குழப்புகிறது. மின்மறுப்பில் மில்லி, மைக்ரோ மாறினால் இலக்கங்கள் அப்படியே இருக்கும், புள்ளி மட்டும் நகரும்: 63.66, 0.06366. அதையே தேடிப் பழகிய கண் ஒத்ததிர்விலும் அதையே தேடும். ஆனால் அங்கே வர்க்கமூலம் நடுவில் நிற்கிறது. ஆயிரம் மடங்கு பிசகு மூலத்துக்குள் போய் 31.6 மடங்காக வெளியே வருகிறது. 71.18-ஐ 31.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 2.25 கிடைக்கும்.

இலக்கமே மாறிவிட்டதால் பிள்ளைகள் பெருக்கலில் தப்பு என்று நினைத்து அரை மணி நேரம் அங்கேயே தேடுவார்கள். விலகல் 31.6 மடங்கு என்றால் ஒரு இடத்தில் ஆயிரம் தப்பியிருக்கிறது. விலகல் சரியாக ஆயிரம் மடங்கு என்றால் ஒரு இடத்தில் பத்து லட்சம் தப்பியிருக்கிறது, அதாவது மைக்ரோவையே எழுதாமல் 50 என்று போட்டிருக்கிறீர்கள், விடை 0.0712 வந்திருக்கும்.

கோணம் 0.82-ன்னு வருது. 47 எங்கே போச்சு?

எங்கும் போகவில்லை. கால்குலேட்டர் ரேடியனில் நிற்கிறது. 0.8215 ரேடியன் என்பதுதான் 47.1 டிகிரி. திரையின் மேலே சின்னதாக `R` அல்லது `RAD` தெரிகிறதா என்று பாருங்கள்.

அதைவிட மோசமானது அடுத்த படியில் நடக்கும். 0.8215-ஐ டிகிரி என்று எடுத்துக்கொண்டு கொசைன் எடுத்தால் திறன் காரணி 0.9999 வரும். கோணத்தைத் தொடாமலே 30-ஐ 44.04-ஆல் வகுத்தால் திறன் காரணி 0.681. கால்குலேட்டர் எந்த நிலையில் இருந்தாலும் இது மாறாது. அதனால் திறன் காரணியை எப்போதும் R/Z வைத்தே போட்டுவிட்டு, கோணத்தை அதோடு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், இந்த வழியில் குறி தெரியாது. முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்பதை மின்மறுப்புகளின் வித்தியாசத்தில்தான் பார்க்க வேண்டும்.

மின்தேக்கிக்குக் குறுக்கே 332 வோல்ட் வருது. கொடுத்ததே 230தான், அது எப்படி சார்?

உங்கள் விடை சரி, அடிக்காதீர்கள். நிறையப் பேர் இந்த இடத்தில் சரியான விடையை அடித்துவிட்டுத் தப்பான விடையை எழுதுகிறார்கள்.

5.222 ஆம்பியரை 63.66-ஆல் பெருக்கினால் 332.5 வோல்ட். மின்தூண்டிக்கு 164.1, மின்தடைக்கு 156.7. மூன்றையும் கூட்டினால் 653 வரும், அப்படிக் கூட்டக்கூடாது. மின்தூண்டியின் மின்னழுத்தமும் மின்தேக்கியின் மின்னழுத்தமும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்க் கட்டத்தில் இருப்பதால் ஒன்றை ஒன்று கழிக்கும், மிச்சம் 168.4. அது மின்தடையின் மின்னழுத்தத்துக்குச் செங்குத்து. 156.7, 168.4 இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 230.

ஒத்ததிர்வில் இது இன்னும் கூடும். மின்னோட்டம் 7.67 ஆம்பியர் ஆகி இரண்டுக்கும் 343 வோல்ட் வரும். 230-ஐவிட ஒன்றரை மடங்கு. இந்த ஒன்றரைதான் சுற்றின் தரக் காரணி. ஒத்ததிர்வில் இரண்டு மின்மறுப்புகளும் ஒன்றாகி 2000-இன் மூலமான 44.72 ஓம் ஆகிவிடும், அதை 30-ஆல் வகுத்தாலும் அதே 1.49. இதெல்லாம் ஆர்.எம்.எஸ். அளவுகள். 332.5 வோல்ட்டின் உச்சம் 470 வோல்ட். கடையில் கிடக்கிற கண்டன்சரையும் காயிலையும் எடுத்து வீட்டு மின்சாரத்தில் இந்தக் கணக்கைச் செய்துபார்க்க வேண்டாம். தெரியாமல்கூடத் தொட்டுவிடாதீர்கள், இணைப்பைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் மின்னூட்டம் நிற்கும்.

ரேடியோ சுற்றுன்னு ஒரு கணக்கு, 200 மைக்ரோஹென்றி, 100 பிக்கோஃபாரட். இதுக்கும் அந்த 5033 செல்லுமா?

எண் வேறு. மைக்ரோஹென்றியும் பிக்கோஃபாரட்டும் கொடுத்தால் 1,59,155-ஐ அவற்றின் பெருக்கலின் மூலத்தால் வகுக்க வேண்டும், விடை கிலோஹெர்ட்ஸில் வரும். 200 × 100 = 20,000, மூலம் 141.4, விடை 1125 கிலோஹெர்ட்ஸ்.

இந்தக் கணக்கில் ரேடியோவே சாட்சி சொல்லும். நம் கரையில் வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்கள், பழைய டிரான்சிஸ்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதன் மீடியம் வேவ் முள் ஓடும் இடம் சுமார் 530-இலிருந்து 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. 1125 அதற்குள் உட்காருகிறது. பிக்கோவை நானோ என்று எடுத்தால் 35.6 கிலோஹெர்ட்ஸ் வரும், அங்கே அந்த டயலில் இடமே இல்லை.

நீட்ல கால்குலேட்டரும் கிடையாது, நேரமும் கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் பார்க்கிறதுன்னா எது?

கோணத்தின் குறி. கொடுத்த அதிர்வெண் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குக் கீழே என்றால் மின்தேக்கி ஓங்கும், மின்னோட்டம் முன்னே. மேலே என்றால் மின்தூண்டி ஓங்கும், மின்னோட்டம் பின்னே. நம் கணக்கில் 50 என்பது 71-க்குக் கீழே, ஆக முன்னே. ஐந்து வினாடிகூட ஆகாது.

லேப்ல 71-ல உச்சம் வரணும், எங்களுக்கு 78-கிட்ட வந்துச்சு சார். அலகை எத்தனையோ தடவை பார்த்தாச்சு.

அலகில் தப்பு இருக்காது. 78-ஐ 71-ஆல் வகுத்தால் 1.1. ஒத்ததிர்வு அதிர்வெண்ணில் அலகுப் பிசகு இவ்வளவு சின்னதாக வராது, 6.28, 31.6, 1000 மடங்கு என்றுதான் வரும். பத்து சதவீத விலகல் என்றால் கருவியைத்தான் பார்க்க வேண்டும்.

காயிலுக்கென்று சொந்த மின்தடை உண்டு. அது 30 ஓமோடு சேர்ந்து உச்ச மின்னோட்டத்தைக் குறைக்கும், கோணத்தையும் குறைக்கும். ஆனால் உச்சம் வரும் அதிர்வெண்ணை அது நகர்த்தாது. நகர்த்துவது மின்தூண்டியோ மின்தேக்கியோதான். மின்தேக்கி சொன்ன அளவைவிடக் குறைந்திருந்தால் உச்சம் மேலே போகும், அதுவும் மூலத்துக்குள் போவதால் பாதி வேகத்தில்தான் போகும்.

கண்டன்சரைக் கழற்றி, முனைகளை ஒரு மின்தடை வழியே இறக்கிவிட்டு, மல்டிமீட்டரில் கொள்ளளவு வைத்து அளக்கச் சொன்னேன். லேபிளில் 50 இருந்தது, மீட்டர் 41 காட்டியது. பழசான மோட்டார் கண்டன்சர் இப்படிக் கொள்ளளவு இழப்பது வழக்கம். 100-ஐ 41-ஆல் பெருக்கினால் 4100, மூலம் 64.03, 5033-ஐ அதால் வகுத்தால் 78.6 ஹெர்ட்ஸ்.